மோட்டார் ரிப்பேர் சேனல்: மில் வேலையை விடலாமா? வருமானம், ஸ்பான்சர் ரேட், கேமரா செலவு குறித்த கணக்கு

சூலூர் கதிர்
வணக்கம். ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். சப்மெர்சிபிள், மோனோபிளாக் மோட்டாருக்குக் காயில் கட்டுவது, ஸ்டார்ட்டர் பேனல் ரிப்பேர் இதெல்லாம் சேனலில் போடுகிறேன். 62,000 சந்தாதாரர்கள். மாதம் 4 நீள வீடியோ, ஒவ்வொன்றும் முதல் 30 நாளில் 18,000 முதல் 26,000 பார்வை வாங்கும். பழைய வீடியோக்களையும் சேர்த்தால் சேனலுக்கு மாதம் சுமார் 1,60,000 பார்வை. ஆயிரம் பார்வைக்குக் கையில் நிற்பது 48 ரூபாய்.

மில் சம்பளம் 32,000. ஸ்டார்ட்டர் பேனல் செய்யும் கம்பெனி ஒன்று "ஒரு வீடியோவுக்கு என்ன ரேட்?" என்று கேட்டிருக்கிறது. 1,40,000 ரூபாய்க்கு கேமரா, லென்ஸ் வாங்கிவிட்டு முழு நேரமாக இறங்கலாமா என்று யோசனை. என்ன ரேட் சொல்வது, கேமரா வாங்கலாமா, வேலையை விடலாமா? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

டிரெண்டிங் தம்பி
அண்ணா, ரேட் சந்தாதாரர் கணக்குதான். ஆயிரம் சப்ஸ்க்கு 500 ரூபாய் என்று வைத்தால் 31,000. தயங்காமல் கேளுங்கள். இன்னொன்று, யூட்யூப் பணம் டாலரில் வருவதால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி எண் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸ் வரும். கேமரா கட்டாயம் வாங்குங்கள். 4கே இல்லாத சேனலைப் பெரிய பிராண்டு திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆடிட் ராமநாதன்
ஜிஎஸ்டி பற்றித் தம்பி சொன்னது சரியில்லை. சேவை வருமானம் ஆண்டுக்கு மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம். அந்த மொத்தத்தில் யூட்யூப் பணம், ஸ்பான்சர் பணம், வகுப்புக் கட்டணம் எல்லாம் சேரும். டாலரில் வருவது ஏற்றுமதிச் சேவை என்பதால் பதிவு செய்த பிறகும், எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் அதற்கு வரி கட்ட வேண்டியதில்லை. கதிர் இன்று இருக்கும் அளவுக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமலே பில் போடலாம். பில்லில் பெயர், பான், வங்கி விவரம், "ஜிஎஸ்டி பதிவு இல்லை" என்ற வரி இருந்தால் போதும்.

வேலையை விடும் கேள்விக்கு முதலில் செலவுப் பக்கத்தைப் போடுங்கள். 32,000 சம்பளம் என்றால் வெளியே நின்று 32,000 சம்பாதித்தால் ஈடாகாது. மில் கட்டும் பிஎஃப் பங்கு, போனஸ், இனி சொந்தமாகக் கட்ட வேண்டிய மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 40,000 என்று வையுங்கள். படப்பிடிப்புக்கு வாங்கும் சாமான், பெட்ரோல், நெட், எடிட்டிங் சேர்த்து மாதம் 9,000. கேமராவை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,900. ஆக மொத்தம் 52,900. யூட்யூப் விளம்பரத்தில் வருவது 160 × 48 = 7,680. மீதி 45,000க்கு வழி எங்கே என்பதுதான் உங்கள் திட்டம். அதை எழுதாமல் ராஜினாமா எழுத வேண்டாம்.

பொள்ளாச்சி சமையல்
என் சேனலில் மெம்பர்ஷிப் திறந்ததும் மாதம் நிலையாக ஒரு தொகை வர ஆரம்பித்தது தம்பி. யூட்யூப் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. லைவில் சமைக்கும்போது சூப்பர் சாட்டும் வரும். நீங்களும் வாரம் ஒரு லைவ் போட்டுப் பாருங்கள். தீபாவளி பலகார மாதத்தில் எனக்குப் பார்வை இரண்டு மடங்கு ஆகிறது.

ஈரோடு பம்ப்செட் டீலர்
அக்கா, சமையலுக்கு வருகிறவர் தினமும் வருவார், பழகிவிடுவார். மோட்டார் வீடியோவுக்கு வருகிறவர் மோட்டார் எரிந்த அன்றைக்கு வருவார், வேலை முடிந்ததும் போய்விடுவார். அடுத்த வருடம் எரிந்தால் மறுபடி வருவார். அவரிடம் மாதச் சந்தா எதிர்பார்க்க முடியாது.

சீசனும் வேறு. போர்வெல் தண்ணீர் இறங்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் மோட்டார் அதிகம் எரியும், தேடலும் அப்போதுதான். மழை பிடித்துவிட்டால் பார்வை இறங்கும். ஆனால் யூட்யூப் விளம்பரக் காசு தீபாவளியை ஒட்டி ஏறி, ஜனவரியில் இறங்கும். கதிரின் பார்வை உச்சமும் விளம்பர விலை உச்சமும் ஒரே மாதத்தில் வராது. ஆகவே அந்த 48 ரூபாயை ஒரு மாதம் பார்த்துச் சொன்னாரா, 12 மாதச் சராசரியா என்று தெரிய வேண்டும். பம்ப் கம்பெனிகள் கோடைக்கான விளம்பரப் பணத்தை டிசம்பர், ஜனவரியிலேயே ஒதுக்கிவிடுவார்கள். ஏப்ரலில் போய் ரேட் பேசினால் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பார்கள்.

சூலூர் கதிர்
48 என்பது கடந்த மூன்று மாதச் சராசரி, அதில் தீபாவளி மாதமும் இருக்கிறது. 12 மாதம் எடுத்தால் 41 வருகிறது. அப்படியானால் விளம்பரம் 6,560 தான்.

மீடியா பையிங் உமா
விளம்பரம் வாங்கும் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். வாங்குகிறவர் என்ன பார்ப்பார் என்று சொல்கிறேன்.

சந்தாதாரர் எண்ணிக்கையை யாரும் விலையாகப் போடுவதில்லை. கடைசி 12 நீள வீடியோக்களை எடுத்து, ஒவ்வொன்றும் 30 நாளில் வாங்கிய பார்வையை வரிசைப்படுத்துங்கள். நடுவில் நிற்கும் எண்தான் உங்கள் எண். சராசரி போட்டால் ஒரே ஒரு வைரல் வீடியோ கணக்கைத் தூக்கிவிடும், அதை வாங்குகிறவர் நம்ப மாட்டார். ஷார்ட்ஸ் பார்வையை இதில் சேர்க்க வேண்டாம். உங்கள் நடு எண் 22,000 என்று எடுத்துக்கொள்கிறேன்.

பொதுவான பொழுதுபோக்கு சேனல் என்றால் ஒரு பார்வைக்கு 30, 40 பைசாவிலேயே பேச்சு நின்றுவிடும். உங்களுக்கு ஒரு ரூபாய் கேட்க நியாயம் இருக்கிறது. அதை இப்படிக் காட்டுங்கள். 22,000 பேரில் பத்துக்கு இரண்டு பேர் தொழில் செய்யும் எலக்ட்ரீஷியன் என்று வைத்தால் 4,400 பேர். நூற்றுக்கு ஒருவர் அந்த பேனலை வாங்கினாலும் 44 பேனல். பேனலுக்குக் கம்பெனிக்கு 400 ரூபாய் நின்றால் 17,600. இது 30 நாள் கணக்கு மட்டும். ரிப்பேர் வீடியோ வருடக்கணக்கில் தேடலில் நிற்கும். 12 மாதம் தாண்டிய வீடியோ ஒன்றின் பார்வையை 30 நாள் பார்வையோடு சேர்த்துக் காட்டினால், 22,000 ரூபாய் கம்பெனிக்கு லாபம் என்பதை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மேலே போட்ட விகிதங்கள் எல்லாம் பேச்சுக்கான அனுமானம்தான். உங்கள் வீடியோவின் கீழே ஒரு தனி வாட்ஸ்அப் எண்ணோ கூப்பன் குறியோ கொடுத்து, முதல் டீலிலேயே உண்மையான எண்ணைப் பிடித்துவிடுங்கள். அடுத்த கம்பெனியிடம் அதுதான் பேசும்.

யூட்யூப் ஸ்டுடியோவில் மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்: வயது, ஊர், பார்வை எங்கிருந்து வருகிறது. கடைசி ஸ்கிரீன்ஷாட்டில் "யூட்யூப் தேடல்" பங்கு அதிகமாக இருந்தால் அதை முதல் பக்கத்திலேயே வையுங்கள். தேடி வருகிறவர் வாங்க வருகிறவர்.

ரேட் ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டாம். வேறு வீடியோ நடுவில் 60 முதல் 90 வினாடி பேசுவதற்கு 22,000. முழு வீடியோவும் அந்த பேனலைப் பற்றியது என்றால் 45,000, ஏனென்றால் அந்த வாரம் உங்கள் வழக்கமான வீடியோ போகாது, பார்வையும் குறையும். அந்தக் காட்சியைக் கம்பெனி தன் ஃபேஸ்புக் விளம்பரத்தில் ஓட்ட வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு 30 விழுக்காடு கூடுதல். மூன்று மாதம் வேறு பேனல் கம்பெனியைத் தொடக்கூடாது என்று கேட்டால் அதற்கும் தனி விலை. இந்த இரண்டு உரிமையையும் இலவசமாக வாங்கிக்கொள்ள மின்னஞ்சலின் கடைசி வரியில் "அனைத்து ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்" என்று ஒரு சொற்றொடர் வரும். அதை அடித்துவிட்டு, "யூட்யூபில் மட்டும், விளம்பரப் பயன்பாடு 90 நாள்" என்று திருத்தி அனுப்புங்கள்.

ஈரோடு பம்ப்செட் டீலர்
உமா சொல்லும் கணக்கு பெரிய கம்பெனிக்குச் சரி. கோயம்புத்தூர், கணபதி பக்கம் இருக்கும் சின்ன பேனல் யூனிட்டுகள் 22,000 ரொக்கமாகத் தரமாட்டார்கள். நான்கு பேனல் இலவசமாகத் தருகிறேன், டீலர் விலைக்குத் தருகிறேன் என்பார்கள். அங்கே ரொக்கத்துக்கு அடம்பிடித்தால் கதவு மூடும்.

மீடியா பையிங் உமா
மூடட்டும் என்றுதான் நான் சொல்வேன் சார். முதல் ஆண்டு பண்டமாற்றில் போனால் அந்தத் தெருவில் அதுவே ரேட் ஆகிவிடும்.

ஈரோடு பம்ப்செட் டீலர்
அந்தத் தெருவில்தான் அவர் நாளைக்கு ஸ்பேர் வாங்க வேண்டும், உதிரி கேட்க வேண்டும். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆடிட் ராமநாதன்
எப்படிப் போனாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இலவசமாக வந்து நீங்களே வைத்துக்கொள்ளும் பொருளும் வருமானம்தான். ஒரே கம்பெனியிடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் அவர்கள் 10 விழுக்காடு டிடிஎஸ் கட்ட வேண்டும். பொருள் மட்டும் வந்து ரொக்கம் இல்லை என்றால் அந்த வரியை உங்களிடம் கேட்பார்கள். சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் இந்தப் பேச்சே இல்லை. திருப்பிக் கொடுத்ததற்கு டெலிவரி சலான் வாங்கி வையுங்கள்.

ரொக்கக் கட்டணத்துக்கு, ஒரே நிறுவனம் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் தொழில்முறைக் கட்டணமாகப் பார்த்து 10 விழுக்காடு பிடிப்பார்கள். சிலர் விளம்பர ஒப்பந்தம் என்று வகைப்படுத்தி 1 விழுக்காடு பிடிப்பதும் உண்டு. எப்படியும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். ஏறாத டிடிஎஸ் உங்கள் கையை விட்டுப் போன பணம்.

பணம் இழுத்தடிப்பதற்கு ஒரு மருந்து உண்டு. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், இணையத்தில் ஆதார், பான் வைத்து முடியும். அந்த எண்ணைப் பில்லில் போடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தவறினால் அந்தச் செலவை அந்த ஆண்டு வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடி எடுப்பார். அதுவும் போக, பாதி முன்பணம் வாங்காமல் படம் பிடிக்க வேண்டாம்.

வெளிநாட்டுப் பார்வை பற்றி ஒரு வரி. ஆட்சென்ஸ் கணக்கில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பியிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். நிரப்பியிருந்தால் அமெரிக்கப் பார்வையாளர் பங்கில் மட்டும் ஒப்பந்த விகிதமான 15 விழுக்காடு போகும். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் கை வைப்பார்கள்.

லைட்பாய் செந்தில்
கேமராவுக்கு வருகிறேன். 1,40,000 வேண்டாம். உங்கள் இரண்டு வீடியோ பார்த்தேன். அதில் குறை படத்தில் இல்லை, சத்தத்தில் இருக்கிறது. மோட்டார் ஓடும்போது நீங்கள் பேசுவதில் பாதி கேட்கவில்லை, அடியில் ஒரு "ம்ம்ம்" என்ற முனகல் ஓடுகிறது. அது 50 ஹெர்ட்ஸ் ஹம். நீள வயர் காலர் மைக்கை மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த வயரே ஆன்டெனா மாதிரி இழுக்கும். சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக் ஒரு செட் வாங்குங்கள், 6,000 முதல் 8,000க்குள் கிடைக்கும். ரிசீவருக்கும் உங்களுக்கும் நடுவில் உங்கள் உடம்போ பம்ப் பாடியோ வந்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆகவே ரிசீவர் மார்புக்கு நேரே இருக்கட்டும்.

அடுத்தது ஸ்லாட்டுக்குள் காயில் இறக்குவதை மேலே இருந்து காட்ட வேண்டும். இப்போது பக்கவாட்டில் பிடிப்பதால் எத்தனையாவது ஸ்லாட் என்றே தெரியவில்லை. மேலிருந்து போனைப் பிடிக்கும் கை ஸ்டாண்டு 2,500. மேசைக்கு இரண்டு பக்கமும் எல்இடி பேனல், இரண்டும் சேர்த்து 5,000.

ஷெட்டில் வெளிச்சம் மினுக்குவதற்குக் காரணம் ஷட்டர். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுக்கும். போன் 30 ஃப்ரேமில் ஷட்டரைத் தானாக 1/60 என்று வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், அதில் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டுங்கள். 30 ஃப்ரேம்தான் வேண்டும் என்றாலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வைத்தால் போதும்.

எடிட்டில் பத்து நிமிடம் தாண்டியதும் உதடும் சத்தமும் பொருந்தாமல் போகிறதே, அது போன் ஃப்ரேம் வேகத்தை ஏற்றி இறக்குவதால் வருவது. எடிட்டருக்குள் போடும் முன் நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -fps_mode cfr -r 25 -crf 18 -c:a copy out.mp4
```

மூலப் படத்துக்கு இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று வீட்டில், ஒன்று வேறு வீட்டில். 2 டிபி டிஸ்க் ஒன்று சுமார் 6,000. எல்லாம் சேர்த்து 28,000க்குள் முடியும். ஸ்பான்சர் முழு வீடியோ கேட்டு 45,000 கொடுத்தால் அன்றைக்கு மட்டும் கேமராவை வாடகைக்கு எடுங்கள், நாளுக்கு 2,000 சுற்றி இருக்கும்.

டிரெண்டிங் தம்பி
4கே விட்டுவிடலாமா அண்ணா?

லைட்பாய் செந்தில்
போனிலேயே 4கே இருக்கிறதே தம்பி. வயர் கேஜ் எண்ணைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய காட்சிக்கு மட்டும் 4கே பிடிக்கட்டும், எடிட்டில் உள்ளே இழுத்து 1080இல் காட்டலாம். எல்லாவற்றையும் 4கேயில் பிடித்தால் டிஸ்க்தான் நிரம்பும். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரம் 45 ஜிபி.

ஆடிட் ராமநாதன்
28,000 என்றால் மாதக் கணக்கில் 780. தேவை 52,900லிருந்து 49,800க்கு இறங்குகிறது. கதிர், வரவை நானே போட்டுப் பார்க்கிறேன். விளம்பரம் 6,560. ஸ்பான்சர் மாதம் ஒன்று என்றால் 22,000. முதல் ஆண்டில் 12 மாதமும் கிடைக்காது, 8 மாதம் கிடைத்தால் மாதச் சராசரி 14,700. இரண்டும் சேர்த்து 21,260. இன்னும் 28,500 இடைவெளி.

சூலூர் கதிர்
நிறைய பேர் கமென்டில் காயில் டேட்டா கேட்கிறார்கள் சார். எந்தக் கம்பெனியின் எத்தனை எச்பி மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் வயர், எந்த பிட்ச் என்று நானே கட்டி அளந்த நோட்டு இருக்கிறது. அதை பிடிஎஃப் ஆக 299 ரூபாய்க்கு விற்கலாமா? ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பும் கேட்கிறார்கள்.

ஈரோடு பம்ப்செட் டீலர்
அந்த நோட்டுதான் உங்கள் சொத்து. ஆனால் பிடிஎஃப் முதல் வாரம் பத்துப் பேர் வாங்குவார்கள், இரண்டாவது வாரம் எல்லா வைண்டிங் கடை வாட்ஸ்அப் குழுவிலும் இலவசமாகச் சுற்றும். வகுப்பு சுற்றாது. பத்துப் பேர், ஆளுக்கு 1,500, மொத்தம் 15,000. பழைய ஸ்டேட்டர் கோரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். காப்பர் வயர், இன்சுலேஷன் பேப்பர், வார்னிஷ், சாப்பாடு, டீ என்று 4,500 போனாலும் 10,500 நிற்கும். அவிழ்த்த வயரைப் பழைய காப்பராகப் போட்டால் அதிலும் கொஞ்சம் திரும்பும்.

மீடியா பையிங் உமா
பிடிஎஃப்பை அப்படி ஒதுக்க வேண்டாம். வாங்குகிறவரின் பெயரையும் போன் எண்ணையும் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டுக் கொடுத்தால் பரவுவது குறையும், நிற்காது. வகுப்புக்கு வருகிறவருக்குச் சேர்த்துக் கொடுத்தால் கட்டணத்தை 1,800 ஆக்கலாம். டேட்டாவில் தவறு இருந்தால் எரிவது அடுத்தவர் மோட்டார் என்பதால், எந்த மோட்டாரில் அளந்தது, எந்த ஆண்டு மாடல் என்பதை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள்.

ஆடிட் ராமநாதன்
மாதம் இரண்டு வகுப்பு, 21,000. மொத்தம் 42,260. இன்னும் 7,500 குறைகிறது. ஆனால் இரண்டு வகுப்பு நடத்த வேலையை விட வேண்டியதில்லை, ஞாயிறு போதும். வார விடுமுறை மாறும் ஷிப்ட் என்றால் மில்லில் பேசிப் பாருங்கள். ஆறு மாதம் சம்பளத்தோடு இதை ஓட்டி, ஸ்பான்சர் பணம் நிஜமாக வங்கியில் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் என் கருத்து. விடும் நாளில் எட்டு மாதச் செலவு, சுமார் 4 லட்சம், தனிக் கணக்கில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பார்வையும் வகுப்பும் சேர்ந்தே இறங்கும், அதற்குத்தான் ஆறுக்குப் பதில் எட்டு.

டிரெண்டிங் தம்பி
மில்லில் இருந்துகொண்டு வாரம் ஒரு வீடியோ போட முடியாது. ரிஸ்க் எடுக்காமல் வளர முடியாது என்பதுதான் என் எண்ணம்.

லைட்பாய் செந்தில்
தம்பி சொல்வதில் ஒரு பாதி உண்மை. எடிட்டிங்தான் நேரத்தைத் தின்னும். மாதம் நான்கு வீடியோவை மூன்றாக்கி, இரண்டுக்கு வெளியே எடிட்டரிடம் கொடுக்கலாம். ரிப்பேர் சேனலுக்கு எண்ணிக்கையைவிடத் தலைப்பு முக்கியம். "1.5 எச்பி மோனோபிளாக் எர்த் ஆகிறது" என்று மக்கள் எப்படித் தேடுவார்களோ அப்படி.

மீடியா பையிங் உமா
யாரும் தொடாத ஒன்று. விளம்பரம், ஸ்பான்சர், வகுப்பு என்று மூன்று வரவு எழுதினீர்கள், மூன்றுக்கும் குழாய் ஒன்றுதான், யூட்யூப். அது அடைத்தால் மூன்றும் நிற்கும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, அதில் மட்டும் இருந்தவர்களுக்குப் பார்வையாளரோடு பேச ஒரு போன் எண்கூட மிஞ்சவில்லை. 2018இல் யூட்யூப் பணம் தரும் தகுதியை 1,000 சந்தாதாரர், 4,000 மணி நேரப் பார்வை என்று உயர்த்தியபோதும் சின்ன சேனல்களுக்கு ஒரே நாளில் வரவு நின்றது.

உங்கள் வகையில் அடைப்பு எங்கிருந்து வரும் என்று சொல்கிறேன். ஷெட்டில் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடும்போது பிடித்தால் காப்புரிமை கோரல் வந்து அந்த வீடியோவின் விளம்பரப் பணம் பாட்டு உரிமையாளருக்குப் போகும். ஸ்டுடியோ எடிட்டரிலேயே பாட்டை மட்டும் அழிக்கலாம், ஆனால் உங்கள் பேச்சும் கொஞ்சம் கெடும். ரேடியோவை அணைப்பது சுலபம். மீட்டரைத் தவிர்த்து லைன் இழுப்பதை விளையாட்டுக்குக்கூடக் காட்ட வேண்டாம். சார்ஜ் உள்ள கப்பாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து காட்டும் காட்சிக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்வதைக் காட்டுங்கள். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போகும்.

அதைவிட அதிகம் நடப்பது போலி ஸ்பான்சர் மின்னஞ்சல். "ஒப்பந்தம் இணைப்பில்" என்று பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு வரும். உள்ளே பிடிஎஃப் போலத் தெரியும் .scr அல்லது .exe இருக்கும். திறந்தால் உலாவியில் திறந்தே இருக்கும் உங்கள் லாகினைத் திருடிக்கொண்டு போவார்கள், ஓடிபி அங்கே காப்பாற்றாது. ஆகவே ஸ்பான்சர் மின்னஞ்சல் முகவரியும் சேனல் உரிமையாளர் முகவரியும் வேறாக இருக்கட்டும். உரிமையாளர் முகவரியை அன்றாட கம்ப்யூட்டரில் திறக்கவே வேண்டாம். உங்களுக்கும் எடிட்டருக்கும் ஸ்டுடியோ அனுமதியில் குறைந்த நிலை கொடுத்தால் வேலை நடக்கும்.

ஈரோடு பம்ப்செட் டீலர்
போன் எண் சேர்க்க வாட்ஸ்அப் சேனல் போதுமா?

மீடியா பையிங் உமா
வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவரின் போன் எண் உங்களுக்குத் தெரியாது, அது இன்னொரு யூட்யூப் தான். பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்குத்தான் போகும். வகுப்புப் பதிவுப் படிவத்தில் பெயர், எண், ஊர், தொழில் கேட்டு, செய்தி அனுப்பச் சம்மதமா என்ற கட்டத்தையும் வையுங்கள். ஐந்நூறு வைண்டிங் கடைக்காரர் எண் இருந்தால் சேனல் இல்லாமலே வகுப்பு நிரம்பும். ஸ்பான்சருக்கும் அந்தப் பட்டியலுக்குத் தனி மரியாதை. ஆனால் எண்களைக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே அனுப்புங்கள்.

வீடியோவின் மூலக் கோப்பைச் செந்தில் சொன்னபடி கையில் வையுங்கள். ஸ்டுடியோவிலிருந்து திரும்ப இறக்கினால் 720க்கு மேல் வராது.

சூலூர் கதிர்
எல்லாருக்கும் நன்றி. கேமராவை நிறுத்திவிட்டேன். மைக், ஸ்டாண்டு, லைட் மட்டும். வேலையை ஆறு மாதத்துக்கு விடப்போவதில்லை. பேனல் கம்பெனிக்கு 22,000, 45,000 என்று இரண்டு ரேட்டும் அனுப்புகிறேன். ஒரு சந்தேகம். அவர்கள் பேனலில் டிரை ரன் பாதுகாப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று சோதனையில் தெரிந்தால் என்ன செய்வது? முன்பணம் வாங்கியிருப்பேனே.

மீடியா பையிங் உமா
அதை ஒப்பந்தத்திலேயே போடுங்கள். படப்பிடிப்புக்கு முன் சோதனை. பேனல் மதிப்பிட்ட வோல்டேஜ் எல்லையிலும் தண்ணீர் இல்லாத நிலையிலும் ஓட்டிப் பார்ப்பேன், கம்பெனி அச்சிட்டிருப்பதை அது செய்யவில்லை என்றால் வீடியோ செய்யமாட்டேன், சோதனைக் கட்டணமாக 5,000 வைத்துக்கொண்டு மீதி முன்பணத்தைத் திருப்புவேன் என்று. ஸ்கிரிப்டில் உண்மைத் தவறைத் திருத்தக் கம்பெனிக்கு உரிமை, கருத்தைத் திருத்த உரிமை இல்லை. திருத்தம் இரண்டு முறை மட்டும்.

கட்டண விளம்பரம் என்பதை வாயால் சொல்லி, திரையிலும் எழுதி, பதிவேற்றும்போது கட்டண விளம்பரக் கட்டத்திலும் டிக் போட வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் வரை அபராதம் போடலாம். பரிந்துரைப்பவர் மீதும் போடலாம்.

ஈரோடு பம்ப்செட் டீலர்
சோதனையில் ஓவர்லோட் ரிலேயை மோட்டார் பெயர்ப் பலகையில் இருக்கும் ஆம்பியருக்கு வைத்தீர்களா என்பதையும் படம் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் "செட்டிங் தவறு" என்று கம்பெனி உங்கள் பக்கம் திருப்பிவிடும். சின்ன யூனிட்டுகளில் 5,000 சோதனைக் கட்டணத்துக்கு ஒப்புவார்களா என்பது சந்தேகம்தான். கேட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

சூலூர் கதிர்
திங்கட்கிழமை அனுப்புகிறேன் சார். பதில் வந்ததும் எண்ணோடு போடுகிறேன்.